குரலில் சொன்ன மெயிலில் தப்பு விழுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்கூடத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. முன்பெல்லாம் முதலாளி சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். இப்போது முதலாளி, சூப்பர்வைசர், குடோன் பார்ப்பவர் என எல்லோரும் போனில் மைக்கை அழுத்தி அவரவரே மெயில் சொல்லிவிடுகிறார்கள். வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் வாரத்துக்கு நாலு தடவையாவது யாராவது போனை நீட்டி, "தம்பி, நான் சொன்னது ஒண்ணு, இது எழுதியிருக்கிறது ஒண்ணு" என்பார்கள். வருகிற கோளாறுகள் பெரும்பாலும் அதே ஐந்தாறுதான். அவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போன், ஜிபோர்டு கீபோர்டு, ஜிமெயில் இவற்றை வைத்தே சொல்கிறேன். எங்கள் பக்கம் பெரும்பாலானவர்களிடம் இருப்பது அதுதான்.

முதலில் ஒரு மெயிலைப் பாருங்கள். எங்கள் சூப்பர்வைசர் ஆம்பூரில் சரக்கு கொடுக்கும் ஒருவருக்கு, தோல் பதனிடும் டிரம் ஓடும் கொட்டகையில் நின்றபடி சொன்னது. கிரஸ்ட் என்பது பதனிட்டுக் காயவைத்த, இன்னும் மெருகு போடாத தோல்:

> வணக்கம் பாய். கிரஸ்ட் தோல் ஆயிரத்து இருநூறு சதுர அடி வேண்டும். தடிமன் ஒன்று புள்ளி இரண்டு முதல் ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர். கறை உள்ள துண்டுகளை அனுப்ப வேண்டாம். பதினைந்தாம் தேதிக்குள் ராணிப்பேட்டை குடோனில் இறக்கிவிடுங்கள்.

போனில் விழுந்தது:

> வணக்கம் பாய் கிரஸ்ட் தோள் 1000 அறுநூறு சதுர அடி வேண்டும் தடிமன் 1.2 முதல் ஒன்று புள்ளி நான்கு மில்லி மீட்டர் கரை உள்ள துண்டுகளை அனுப்ப வேண்டும் ஐந்தாம் தேதிக்குள் ராணி பேட்டை குடோனில் இறக்கி விடுங்கள்

சிவப்புக் கோடு ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொன்றும் தமிழில் இருக்கிற சொல்தான். கையால் தட்டும்போது வருகிற பிழை கண்ணில் குத்தும். குரல் பிழை நல்ல சொல்லின் வேஷத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ளதில் மூன்று பிழைகள் வியாபாரத்தையே கெடுக்கக்கூடியவை. அவற்றுக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## அறிகுறி: எண் மாறி விழுகிறது

நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். இருநூறு அறுநூறு ஆகிறது, எழுபது எண்பது ஆகிறது, பதினைந்து ஐந்தாகிறது. சில சமயம் 1200 என்று ஒன்றாக வர வேண்டியது "1000 அறுநூறு" என்று பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் உடைகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, எப்போது பேச ஆரம்பித்தீர்கள் என்பது. மைக்கை அழுத்திய உடனே, அது கேட்கத் தயாராகும் முன்பே பேசினால் முதல் அசைகள் விழாது. "பதினைந்தாம்" என்பதில் "பதின்" போனால் மிச்சம் "ஐந்தாம்". பேச்சின் நடுவே கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கும்போதும் இது நடக்கும். சூப்பர்வைசர் மெயிலில் தேதி மாறியது அப்படித்தான். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மைக் அணைந்துபோக, மறுபடி அழுத்தி "பதினைந்தாம்" என்று எடுத்த எடுப்பில் எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

இதற்குக் காசு செலவில்லாத தீர்வு, வாக்கியத்தை எண்ணில் தொடங்காமல் இருப்பது. "தேதி பதினைந்து", "அளவு ஆயிரத்து இருநூறு சதுர அடி" என்று எண்ணுக்கு முன்னால் ஒரு பெயர்ச் சொல்லை வையுங்கள். வெட்டுப்பட்டால் அந்தச் சொல்தான் வெட்டுப்படும். அடுத்து வருவது எண் என்ற குறிப்பும் போனுக்குக் கிடைத்துவிடும்.

அடுத்தது சத்தம். சோதித்துப் பார்ப்பது சுலபம். "அளவு ஆயிரத்து இருநூறு சதுர அடி" என்ற ஒரே வரியை நின்ற இடத்தில் மூன்று தடவை சொல்லுங்கள். பிறகு ஆபீஸ் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை சொல்லுங்கள். உள்ளே மூன்றும் சரி, வெளியே ஒன்றிரண்டு தப்பு என்றால் குற்றம் சத்தத்தின் மேல். டிரம், தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷின், ஜெனரேட்டர் இவற்றின் அருகில் "இரு", "அறு" என்ற முதல் அசை வித்தியாசம்தான் முதலில் அடிபடும். "நூறு" மட்டும் தெளிவாகக் கேட்கும். அங்கிருந்து மெயில் சொல்வதை விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் போனின் கீழ் விளிம்பை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்து சொல்லுங்கள்.

அமைதியான அறையிலும் தப்பு விழுகிறதா? அப்படியானால் அந்த எண்ணைக் குரலில் சொல்லவே வேண்டாம். வாக்கியத்தைச் சொல்லும்போது எண் வருகிற இடத்தில் "அளவு" என்று சொல்லி நிறுத்திவிட்டு, பிறகு அந்த இடத்தில் விரலை வைத்து 1,200 என்று தட்டிவிடுங்கள். ஒரு மெயிலில் மூன்று நான்கு எண்களுக்கு மேல் இருக்காது. அரை நிமிட வேலை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரிவது முடிவான எழுத்து கிடையாது. வாக்கியம் நீள நீள போன் பின்னால் போய் முந்தைய சொற்களை மாற்றிக்கொண்டே வரும். சொல்லும்போது 1200 என்று கண்ணால் பார்த்தவர், முடித்ததும் அது வேறாக இருப்பதைக் கவனிப்பதில்லை. "நான் பார்த்தேனே தம்பி, சரியாத்தான் இருந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பேசி முடித்து, மைக் அணைந்த பிறகுதான் எண்களைப் பார்க்க வேண்டும்.

### தடிமன், புள்ளி, "முதல்... வரை"

தோல் தடிமனை எப்போதும் ஒரு வீச்சாகத்தான் சொல்வோம், 1.2 முதல் 1.4 மி.மீ. என்று. தமிழில் இது பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் விழும். படிக்க அசிங்கமாக இருந்தாலும் அர்த்தம் கெடாது. ஆங்கில மெயிலில்தான் ஆபத்து. அங்கே நடுவில் வருகிற "டு" என்ற ஒலியை போன் 2 என்றே எழுதிவிடுகிறது:

```
thickness 1.2 2 1.4 mm
```

இடைவெளியும் சேர்ந்துபோனால் 1.22 ஆகிவிடும். அதே மாதிரி "ஃபார்" என்று சொன்னது 4 ஆகும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பது, வீச்சை இரண்டாகப் பிரித்துச் சொல்வது. "மினிமம் ஒன் பாயின்ட் டூ, மேக்ஸிமம் ஒன் பாயின்ட் ஃபோர்". தமிழில் "குறைந்தது ஒன்று புள்ளி இரண்டு, அதிகபட்சம் ஒன்று புள்ளி நான்கு". நடுவில் குழப்பும் சொல்லே வராது. வாங்குபவருக்கும் இது இன்னும் தெளிவு.

### எண்ணும் எழுத்தும் கலந்தவை

ஜிஎஸ்டி எண், ஐஎஃப்எஸ்சி, இன்வாய்ஸ் எண், மெயில் முகவரி. இவற்றைக் குரலில் சொல்லாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநில எண், நமக்கு 33. அடுத்த 10 இடங்கள் பான் எண். பி, டி, ஈ, ஜி என்ற ஆங்கில எழுத்துகளின் ஒலி ஒன்றுபோலவே இருப்பதால் பான் பகுதியில் கட்டாயம் ஒரு எழுத்து மாறும். ஐஎஃப்எஸ்சி 11 இடம். ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம், "ஓ" என்ற எழுத்து இல்லை. சொல்பவர்கள் பாதிப்பேர் "ஓ" என்றே சொல்கிறார்கள்.

இதற்கு ஜிபோர்டில் ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் `Dictionary`, அதற்குள் `Personal dictionary`. அங்கே உங்கள் ஜிஎஸ்டி எண்ணை ஒரு தடவை கவனமாகப் போட்டு, சுருக்கமாக `mygst` போல ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மெயிலில் அந்தச் சுருக்கத்தைத் தட்டினால் மேலே முழு எண்ணும் வந்து நிற்கும். தொட்டால் போதும். வங்கிக் கணக்கு விவரத்துக்கு மட்டும் பழைய மெயிலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதையே நான் செய்கிறேன்.

## அறிகுறி: "வேண்டாம்" என்றது "வேண்டும்" ஆகிவிட்டது

எண்ணைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எண் தப்பாக இருந்தால் எதிராளிக்குச் சந்தேகம் வந்து கேட்கவாவது செய்வார். "கறை உள்ள துண்டுகளை அனுப்ப வேண்டும்" என்று படித்தால், இவர்களுக்கு இரண்டாம் தரம்தான் தேவைபோலிருக்கிறது என்று ஏற்றி அனுப்பிவிடுவார்.

காரணம் ஒன்றுதான். நாம் பேசும்போது கடைசி அசையை விழுங்கிவிடுகிறோம். "டாம்", "டும்" இரண்டுமே வாக்கியத்தின் முடிவில் மூச்சு இறங்குகிற இடத்தில் வருகின்றன. அதோடு பேச்சில் "வேணாம்", "வேணும்" என்று இன்னும் நெருங்கிவிடுகின்றன.

வழக்கமான தீர்வு அழுத்திச் சொல்வது. அதை நான் நம்புவதில்லை, ஏனென்றால் அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. சொல்லையே மாற்றிவிடுங்கள். "அனுப்பாதீர்கள்", "சேர்க்கக் கூடாது", "தவிர்த்துவிடுங்கள்", "தேவையில்லை". இவை சிதைந்தாலும் எதிர்ப்பொருளாக மாறுவது அரிது. எங்கள் சூப்பர்வைசர் இப்போது "கறை உள்ள துண்டுகள் ஒன்றுகூடக் கூடாது" என்கிறார். அந்த வாக்கியம் கொஞ்சம் உடைந்து விழுந்தாலும் அர்த்தம் நிற்கும்.

ஆங்கிலத்தில் இதே தொல்லை "கேன்", "கான்ட்" இரண்டுக்கும் இடையே வரும். அங்கே `cannot` என்று பிரித்து முழுதாகச் சொல்லுங்கள், அல்லது `unable to` போடுங்கள்.

அனுப்பும் முன் சோதனை: மெயிலில் உள்ள ஒவ்வொரு "வேண்டும்" மேலும் விரலை வைத்து, நான் சொன்னது இதுதானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: சொல் சரி, ஆனால் வேறு சொல்

தோல், தோள் ஆகிறது. கறை, கரை ஆகிறது. "சரக்கில் குறை இருந்தது" என்பது "குரை" ஆகிறது. "அரை லோடு" என்றது "அறை லோடு". ர, ற இரண்டுக்கும் நம் பேச்சில் வித்தியாசம் இல்லாததால் போனுக்குப் பக்கத்துச் சொல்தான் துணை. ழகரம் எங்கள் பக்கம் பலர் வாயில் ளகரமாகிவிடும். "பழைய விலை" சில நாள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

பெரும்பாலான இடங்களில் படிப்பவர் புரிந்துகொள்வார். "கரை உள்ள துண்டு" என்று பார்த்தால் ஆம்பூரில் யாரும் ஆற்றங்கரையை நினைக்க மாட்டார்கள். ஆனால் தோள் விஷயத்தில் எங்கள் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. மாட்டுத் தோலில் தோள் பகுதியை ஷோல்டர் என்று தனியாகவே விற்பார்கள். புது ஆள் ஒருவர் "கிரஸ்ட் தோள்" என்று படித்துவிட்டு ஷோல்டர் துண்டுகளா என்று கேட்டு எழுதியது உண்டு. அதனால் தோல் என்ற சொல்லைத் தனியே விடாமல் "மாட்டுத் தோல்", "ஆட்டுத் தோல்", "தோல் சரக்கு" என்று சேர்த்தே சொல்கிறோம். பக்கத்துச் சொல் இருந்தால் சரியானது விழும் வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஜோடிகள்: `hide` என்பது `height` ஆகும், `sole` என்பது `soul` ஆகும், `crust` என்பது `trust` ஆகும், `Ambur` என்பது `Amber` ஆகும். கீபோர்டு ஆங்கிலம் `English (US)` என்று இருந்தால் `English (India)` என்று மாற்றுங்கள். நம் உச்சரிப்புக்கு அது எவ்வளவோ தேவலை.

ஊர்ப் பெயர்களில் பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், வாணியம்பாடி மூன்றும் உடைந்து விழும். நான் சொல்லிக்கொடுப்பது: முகவரியைச் சொல்லவே சொல்லாதீர்கள், கையெழுத்துப் பகுதியில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். ஜிமெயிலில் கணக்கின் செட்டிங்ஸுக்குள் `Mobile Signature` என்று இருக்கும். போடும்போது மாவட்டத்தையும் பாருங்கள். 2019-இல் பிரித்த பிறகும் ராணிப்பேட்டை முகவரியில் வேலூர் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

## அறிகுறி: முழு மெயிலும் ஒரே வாக்கியமாக ஓடுகிறது

தமிழில் "முற்றுப்புள்ளி" என்று சொன்னால் பல நேரம் அந்தச் சொல்லையே எழுதி வைக்கும். ஆங்கிலத்தில் `full stop`, `comma`, `new line` என்று சொல்வது வேலை செய்யும். தமிழுக்கு ஒரே வழி, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, புள்ளியையும் என்டரையும் விரலால் தட்டி, அடுத்ததைச் சொல்வது. ஒவ்வொரு செய்தியும் தனி வரியில் நின்றால் பிழையும் தானாகக் கண்ணில் படும். "மில்லி மீட்டர்", "இறக்கி விடுங்கள்" போன்ற இடைவெளிகளுக்கும் ஒற்று விட்டுப்போனதற்கும் வியாபார மெயிலில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

## அறிகுறி: தமிழில் பேசினால் ஆங்கில எழுத்தில் கொட்டுகிறது

கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்தான் கேட்கும். ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்தால் மொழிப் பட்டியல் வரும், தமிழைத் தொடுங்கள். பட்டியலில் தமிழே இல்லை என்றால் ஜிபோர்டு செட்டிங்ஸில் `Languages`, `Add keyboard` போய்ச் சேர்க்க வேண்டும். வெளி ஆள் தேவையே இல்லை.

## அறிகுறி: எழுத்தே விழவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு தெரிந்தால் அனுமதி இல்லை என்று அர்த்தம். போன் செட்டிங்ஸில் `Apps`, `Gboard`, `Permissions`, `Microphone` போய் அனுமதி கொடுங்கள். அனுமதி இருந்தும் சில சொற்களோடு நின்றால் டேட்டா சிக்னலைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் புளூடூத்தை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். போன் சட்டைப்பையில் இருக்கும் ஹெட்செட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

எதுவும் பலிக்கவில்லையா? ரெக்கார்டர் செயலியில் உங்கள் குரலைப் பத்து விநாடி பதிந்து திரும்பக் கேளுங்கள். தெளிவாக இருந்தால் மைக் நன்றாக இருக்கிறது, ஜிபோர்டை அப்டேட் செய்து போனை அணைத்துப் போடுங்கள். மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் மைக் துளை அடைத்திருக்கிறது. பஃபிங் பகுதியில் வேலை செய்பவர்கள் போன்களில் இது சகஜம். அந்தத் தோல் தூசி மாவு மாதிரி இருக்கும், சார்ஜர் துளையின் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டைக்குள் போய் அப்பிக்கொள்ளும். உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.

சுத்தம் செய்தும் பதிவு மங்கலாகவே இருந்தால், மைக் உள்ள வயர் இயர்போனைச் செருகிப் பாருங்கள். அதில் தெளிவாகக் கேட்டால் போனின் மைக்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். பல மாடல்களில் மைக் சார்ஜிங் பலகையிலேயே இருப்பதால் பலகையையே மாற்றச் சொல்வார்கள். செலவு வேண்டாம் என்றால் அந்த வயர் இயர்போனோடேயே காலம் தள்ளலாம்.

## அனுப்பும் முன், அனுப்பிய பின்

பெறுபவர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். அந்த இடம் காலியாக இருக்கும்வரை தவறி விரல் பட்டாலும் மெயில் போகாது. எல்லாம் முடிந்ததும் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படியுங்கள். எண்களையும் தேதியையும் மட்டும் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். நாமே படித்தால் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டோம், சொன்னதைத்தான் படிப்போம்.

கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் மெயில்களுக்கு, அங்கே ஜிமெயிலைத் திறந்து `See all settings`, `General`, `Undo Send` என்ற இடத்தில் 30 விநாடி என்று வையுங்கள். அதற்குமேல் அங்கே தேர்வு இல்லை. அந்த நேரம் கடந்துவிட்டால் மெயிலைத் திரும்பப் பெற வழி கிடையாது.

தப்பான மெயில் போய்விட்டதா? உடனே போன் செய்யுங்கள், இரண்டாவது மெயில் அதற்குப் பிறகு. அந்த மெயிலை அதே இழையில் பதிலாகப் போட்டு, தப்பு வரியையும் சரியான வரியையும் அடுத்தடுத்து எழுதுங்கள்:

> திருத்தம்: முந்தைய மெயிலில் அளவு 1,600 என்று இருப்பது தவறு. சரியான அளவு 1,200 சதுர அடி. கறை உள்ள துண்டுகளை அனுப்பாதீர்கள். தேதி 15.

சரக்கு ஏறிவிட்டது, இன்வாய்ஸும் போட்டுவிட்டார்கள் என்றால் மெயிலில் பேசித் தீர்க்க முயலாதீர்கள். ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். கிரெடிட் நோட் போடுவதா, வேறு எப்படிச் சரிசெய்வதா என்பதை அவர் சொன்ன பிறகு எதிராளிக்கு எழுதுங்கள். அந்த ஒரு மெயிலை மட்டும் கையால் தட்டுங்கள்.